ஒரே ஸ்கோர்கார்டில் ஃபவுண்டரியும் போல்ட் டீலரும்: கோவை சப்ளையருக்கு 'சி' கிரேடு போட்டது சரியா?

பீன்யா_மலர் (திங்கள், இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் பீன்யா 2-வது ஸ்டேஜில் ஹைட்ராலிக் பம்ப் அசெம்பிள் பண்ணும் சின்ன கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். மொத்தமே 90 பேர்தான். போன வருஷக் கணக்கை எடுத்து சப்ளையர் ஸ்கோர்கார்டு போட்டோம். டெலிவரிக்கு 40, குவாலிட்டிக்கு 30, ரெஸ்பான்ஸுக்கு 15, விலை நிலையாக இருப்பதற்கு 15. 90 வந்தால் ஏ, 75 வந்தால் பி, அதற்குக் கீழே சி. சி வாங்கியவருக்கு அந்த வருஷம் புது பார்ட் கிடையாது.

வந்த மார்க் இது. நாலு எண்ணும் மேலே சொன்ன வரிசையில்தான்.

மெஷினிங் ஜாப் ஒர்க்: 39, 28, 12, 14. மொத்தம் 93.
போல்ட், நட் டீலர்: 38, 29, 12, 14. மொத்தம் 93.
ஜிங்க் பிளேட்டிங்: 35, 27, 13, 14. மொத்தம் 89.
கோவை ஃபவுண்டரி: 26, 23, 13, 12. மொத்தம் 74.

1 மார்க்கில் ஃபவுண்டரிக்கு சி. 11 வருஷமாக நமக்கு பம்ப் பாடி ஊற்றித் தருபவர்கள். போன ஆகஸ்டில் நம் பிளானிங் தப்பாகி லைன் நிற்க இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஃபர்னஸ் ஏற்றி 120 பீஸ் அனுப்பினார்கள். மேனேஜரிடம் சொன்னால், "அனுதாபத்துக்குன்னு ஷீட்டில் கட்டம் எதுவும் இல்லம்மா" என்கிறார். அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த 74 உண்மையான 74தானா என்று மனசு ஒப்பவில்லை. எங்கே ஆரம்பித்துப் பார்க்கணும்?

ஓசூர்_செந்தில் (திங்கள், இரவு 9.45)

மேடம், உங்க மேனேஜர் சொல்றது கரெக்ட். நாங்க ஆட்டோ பார்ட்ஸ். எங்ககிட்ட டெலிவரிக்கு 50. 48 ஷெட்யூல்ல 30 தடவைதான் நேரத்துக்கு வந்தான்னா அவன் நல்லவனா கெட்டவனான்னு யோசிக்கவே கூடாது. ஒரு ஞாயித்துக்கிழமை உதவி பண்ணதுக்காக மார்க் ஏத்தினா மத்த மூணு பேருக்கும் அது அநியாயம். வெயிட்டேஜ்ல கை வைக்காதீங்க. ஒரு தடவை ஒருத்தருக்காக மாத்தினா அடுத்த வருஷம் எல்லாரும் வந்து நிப்பாங்க.

மெஸ்_ரவி (திங்கள், இரவு 10.20)

நான் எலக்ட்ரானிக் சிட்டியில 2 கம்பெனிக்கு கேன்டீன் நடத்தறேன். காய்கறி சப்ளையருக்கு இந்த மாதிரி மார்க் போடலாமா? குறிப்பா விலைக்கு. 2023 ஜூலையில தக்காளி விலை ஏறினப்போ, கோலார்ல இருந்து போடறவரு வருஷ ரேட் பேசினபடி அதே விலைக்குத்தான் கொடுத்தாரு. எனக்கு சந்தோஷம். ஆனா அந்த மாசம் வந்த கிரேட்ல அடியில பாதி அழுகலும் பச்சையும். விலைக்கு 15-க்கு 15 போட்டா சரியா? உங்க கேள்விக்கு சம்பந்தமில்லைன்னா மன்னிச்சுக்கோங்க.

கேஜ்_பாக்ஸ் (செவ்வாய், காலை 6.15)

மலர், 31 வருடம் சப்ளையர் குவாலிட்டியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஜாலஹள்ளியில்தான் இருக்கிறேன். ரவியின் கேள்வி சம்பந்தமில்லாதது இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

செந்தில் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. வருடம் முடிந்து மார்க் வந்த பிறகு வெயிட்டேஜை மாற்றக் கூடாது. ஆனால் மலர் வெயிட்டேஜைத் தொடும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் போட்ட பட்டியலை மேலிருந்து கீழே படியுங்கள். ரெஸ்பான்ஸில் எல்லாரும் 12 அல்லது 13. விலையில் 12 முதல் 14. குவாலிட்டியில் 23 முதல் 29. டெலிவரியில் 26 முதல் 39. அதாவது நல்லவருக்கும் மோசமானவருக்கும் உள்ள இடைவெளி ரெஸ்பான்ஸில் 1, விலையில் 2, குவாலிட்டியில் 6, டெலிவரியில் 13. எல்லாம் சேர்த்து 22. அதில் 13 டெலிவரி. காகிதத்தில் 40 என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசையைத் தீர்மானிப்பதில் அது ஏறத்தாழ 60 ஆக வேலை செய்கிறது. ரெஸ்பான்ஸுக்கு 15 என்று எழுதியது 5 கூட இல்லை. இது தோராயக் கணக்குதான், ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும்.

எல்லாருக்கும் ஒரே மார்க் விழும் தலைப்புக்கு எத்தனை வெயிட்டேஜ் கொடுத்தாலும் அது யாரையும் பிரித்துக் காட்டாது. உங்கள் ஃபவுண்டரியின் தலைவிதி டெலிவரித் தேதியில் இருக்கிறது. ஆகவே அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சப்ளையர் பொருள் கொண்டு வந்த நாள் என்று எந்தத் தேதியை எடுத்தீர்கள்? கேட் என்ட்ரியா, ஸ்டோரில் எண்ணிப் பார்த்த பிறகு போடும் ஜிஆர்என் ரசீதா? வர வேண்டிய நாள் என்பது யார் போட்டது?

லேத்_முருகன் (செவ்வாய், காலை 8.30)

நான் அந்தப் பக்கத்து ஆளு. ராஜாஜிநகர்ல 6 மெஷின் வச்சு ஜாப் ஒர்க் பண்றேன். எனக்கு ஒரு கஸ்டமர் வருஷா வருஷம் ஸ்கோர்கார்டு அனுப்புவாங்க. பேரு வேண்டாம். போன வருஷம் டெலிவரில 61 சதவீதம்னு போட்டு ஒரு மெயில். நான் என்னோட டெலிவரி சலான் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் உக்காந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நான் இறக்கின பொருளுக்கு செவ்வாய்க்கிழமை ஜிஆர்என். ஸ்டோர்ல கேட்டா "நாளெ மாட்தீனி"ம்பாரு, நாளைக்குப் பண்றேன்னு கன்னடத்துல. அந்த நாளெ எப்பவும் என் கணக்குலதான் விழும்.

இன்னொண்ணு. 45 நாள்ல பணம் வரணும்னு எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது. எனக்கு 90 நாள் ஆச்சு. பணம் வராம நான் எப்படி ராடு வாங்கறது? என் டெலிவரிக்கு மார்க் போடறவங்க அவங்க பேமென்டுக்கு யாரு மார்க் போடுவாங்க? கோவத்துல கேக்கலை, நிஜமாவே கேக்கறேன்.

ஓசூர்_செந்தில் (செவ்வாய், காலை 9.05)

முருகண்ணா, பேமென்ட் விஷயம் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறது. ஸ்கோர்கார்டு பர்ச்சேஸ் பார்க்கிறது. ரெண்டையும் கலக்க வேணாம்.

லேத்_முருகன் (செவ்வாய், காலை 9.20)

உனக்கு ரெண்டு டிபார்ட்மென்ட் தம்பி. எனக்கு ஒரே கம்பெனிதான்.

கேஜ்_பாக்ஸ் (செவ்வாய், காலை 10.40)

முருகன் சொல்வதைப் புறந்தள்ளக் கூடாது. சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்த பிறகு, அதாவது 2023-24 நிதியாண்டு முதல், அக்கவுண்ட்ஸுக்கும் இதில் அக்கறை வந்துவிட்டது. நான் செய்தது இதுதான்: பேமென்டை மார்க்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் ஸ்கோர்கார்டின் அடியில் ஒரு வரி எழுதுவேன், 'இந்த ஆண்டில் எத்தனை பில் தவணை தாண்டிக் கொடுத்தோம்' என்று. ரிவ்யூவில் சப்ளையரும் அதைப் பார்ப்பார், என் எம்டியும் பார்ப்பார். தாமதமான டெலிவரிக்கும் தாமதமான பேமென்டுக்கும் மாதம் ஒத்துப்போனால் பேச்சு தானாக நேராகும்.

பீன்யா_மலர் (செவ்வாய், இரவு 9.30)

சார், நான் எடுத்தது ஜிஆர்என் தேதிதான். சிஸ்டத்தில் அதுதான் சுலபமாகக் கிடைக்கிறது. இன்றைக்கு செக்யூரிட்டியிடம் கேட் ரெஜிஸ்டர் வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன். கோவை லாரி சேலம், கிருஷ்ணகிரி வழியாக வந்து, அத்திப்பள்ளி தாண்டி நைஸ் ரோடு பிடித்து தும்கூர் ரோட்டுக்கு வரும்போது பெரும்பாலும் ராத்திரி 8, 9 மணி. எங்கள் ஸ்டோர் 5.30-க்குப் பூட்டிவிடும். செக்யூரிட்டி என்ட்ரி போட்டு லாரியை உள்ளே நிறுத்திக்கொள்கிறார். மறுநாள் இறக்குகிறார்கள். அப்புறம் எடை போட்டு, எண்ணி, ஜிஆர்என். மற்ற மூன்று பேரும் உள்ளூர். பகலிலேயே டெம்போவில் வந்துவிடுகிறார்கள். இந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை.

வருஷம் முழுவதும் பார்த்துவிட்டு வருகிறேன். 48 ஷெட்யூல் லைன் இருக்கிறது.

ஓசூர்_செந்தில் (செவ்வாய், இரவு 10.00)

கையால எண்ண வேணாம் மேடம். எக்ஸெல்ல போட்டுடுங்க. A-ல சப்ளையர் கோடு, D-ல ஒத்துக்கிட்ட தேதி, F-ல கேட் தேதி, G-ல அந்த லைனை கணக்குல சேர்க்கணுமான்னு Y இல்ல N.

```
=SUMPRODUCT((A2:A49="F01")*(G2:G49="Y")*(F2:F49<=D2:D49))
 /COUNTIFS(A2:A49,"F01",G2:G49,"Y")
```

எக்ஸெல்_நித்யா (செவ்வாய், இரவு 11.15)

செந்தில், இதில் ஒரு குழி இருக்கிறது. இன்னும் வராத பொருளுக்கு F காலியாக இருக்கும். காலி செல்லை எக்ஸெல் 0 என்று எடுத்து, 0 தேதியை விடச் சின்னது என்பதால் 'நேரத்துக்கு வந்தது' என்று எண்ணிவிடும். வராத சரக்குக்கு முழு மார்க் கிடைக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 2 வருஷம் யாரும் கவனிக்கவில்லை. அடைப்புக்குள் இன்னொன்றைச் சேர்த்துவிடுங்கள்:

```
*(F2:F49<>"")
```

ஓசூர்_செந்தில் (புதன், காலை 7.00)

ஆமா நித்யா, விட்டுட்டேன். எங்க ஷீட்டையும் இன்னைக்கே பார்க்கணும். நன்றி.

எக்ஸெல்_நித்யா (புதன், காலை 7.25)

மலர், இன்னொன்றும் முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். 200 கேட்டு 180 நேரத்தில் வந்து, 20 ஒரு வாரம் கழித்து வந்தால் அந்த லைன் 90 சதவீதமா, பூஜ்யமா? எதுவானாலும் சரி, எல்லா சப்ளையருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கேஜ்_பாக்ஸ் (புதன், காலை 7.50)

அதில் கேஸ்டிங்குக்கு ஒரு நுட்பம் உண்டு. ஒரு ஹீட்டில், அதாவது ஃபர்னஸில் ஒரு தடவை உருக்கியதில், ஊற்றும்போது எத்தனை தேறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 200-க்கு 195 வரலாம், 207 வரலாம். பிஓ-வில் 5 சதவீதம் கூடக் குறைய என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் 195 வந்ததை முழு லைனாகவே எண்ண வேண்டும். போல்டுக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

பீன்யா_மலர் (வெள்ளி, இரவு 8.40)

முடித்துவிட்டேன். பழைய கணக்கில் 48 லைனில் 31 நேரத்துக்கு, 17 தாமதம். 64.6 சதவீதம். அதனால்தான் 40-க்கு 26.

அந்த 17-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து, கேட் ரெஜிஸ்டர், பிஓ, மெயில் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். 6 லைன் கேட்டுக்கு நேரத்தில் வந்தவை, ஜிஆர்என்தான் லேட். 5 லைனில் நாங்கள் கொடுத்த அவகாசமே 12 முதல் 18 நாள். அவர்களோடு ஒத்துக்கொண்ட லீட் டைம் 30 நாள். அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை லைனும் இந்த 5-ல் ஒன்று. 14 நாளில் கேட்டு 17-வது நாள் வந்தது, நான் அதற்குத் தாமதம் என்று மார்க் குறைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. 2 லைன், மணலில் அச்சு எடுக்கும் பேட்டர்னின் ரிப்பேருக்காக எங்களிடம் அப்ரூவல் காத்துக் கிடந்தவை. மீதி 4-தான் அவர்கள் தாமதம். 2 லைன் பொங்கல் லீவு, மற்ற 2 லைன் அக்டோபர் கடைசியில் மோல்டிங் ஆட்கள் ஊருக்குப் போன சமயம்.

5-ம் 2-ம் சேர்த்து 7 லைனை எடுத்துவிட்டால் 41. அதில் 37 நேரத்துக்கு. 90.2 சதவீதம். 40-க்கு 36. மொத்தம் 74 என்பது 84 ஆகிறது. பி.

ஓசூர்_செந்தில் (வெள்ளி, இரவு 9.15)

கேட் தேதி 6 லைன் ஒத்துக்கறேன். பேட்டர்ன் 2-ம் ஒத்துக்கறேன். ஆனா அந்த 5? அவங்க பிஓ-வை அக்செப்ட் பண்ணினாங்கல்ல? 14 நாள் முடியாதுன்னா அப்பவே சொல்லியிருக்கணும். ஒத்துக்கிட்டு லேட் பண்ணா லேட்தான்.

லேத்_முருகன் (வெள்ளி, இரவு 9.40)

முடியாதுன்னு சொன்னா ரெஸ்பான்ஸ்ல மார்க் குறைப்பீங்க. முடியும்னு சொல்லிட்டு 3 நாள் தாண்டினா டெலிவரில குறைப்பீங்க. நாங்க எதைச் சொல்றது தம்பி?

கேஜ்_பாக்ஸ் (சனி, காலை 6.00)

இருவரிடமும் நியாயம் இருக்கிறது. நான் இப்படி வைத்திருந்தேன்: லீட் டைமுக்குக் குறைவாகக் கேட்ட லைன் எல்லாம் தனிப் பட்டியல். தாமதமானாலும் மார்க் குறையாது. நேரத்தில் வந்தால் டெலிவரியில் கூட்டவும் மாட்டேன், ரெஸ்பான்ஸில் கூட்டுவேன். ஏனென்றால் அவசரத்துக்கு எழுந்து நிற்பதுதான் ரெஸ்பான்ஸ். உங்கள் பட்டியலில் 4 பேருக்கும் 12, 13 விழுந்ததற்குக் காரணம், அது யாரோ நினைவிலிருந்து போட்ட மார்க். மெயிலுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் என்று எண்ணாதீர்கள். ஃபவுண்டரி முதலாளி ஷிஃப்ட் நேரத்தில் போன் எடுக்க மாட்டார். தேதி உள்ள இரண்டு விஷயம் போதும். குறுகிய அவகாசத்தில் கேட்டதில் எத்தனை செய்தார். ரிஜெக்ஷன் தகவல் போன நாளிலிருந்து காரணத்தோடு பதில் வந்து, அடுத்த 3 லாட்டில் அதே குறை திரும்பாமல் இருந்ததா. குறைக்குக் காரணமும் தீர்வும் எழுதும் 8டி ஃபார்மை அழகாக நிரப்பி மறுநாளே அனுப்புபவர்கள் உண்டு. 2 லாட் கழித்து அதே ஓட்டை திரும்ப வரும்.

இப்போது விலை. மலர், ஃபவுண்டரிக்கு 12 ஏன்?

பீன்யா_மலர் (சனி, காலை 9.30)

வருஷத்தில் 2 தடவை விலை மாறியது. ஒவ்வொன்றுக்கும் 1.5 மார்க் கழித்தோம். ஜூலையில் கிலோவுக்கு 1 ரூபாய் 80 காசு ஏறியது. ஜனவரியில் 1 ரூபாய் 10 காசு இறங்கியது. பிக் அயர்ன் விலைப்படி 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்று அக்ரிமென்டிலேயே இருக்கிறது.

ஓசூர்_செந்தில் (சனி, காலை 9.50)

விலை நிலையா இருக்கணும்னா மாறாம இருக்கணும், அவ்வளவுதானே? காஸ்டிங் டீம் வருஷ பட்ஜெட் போட்டு வச்சிருக்கும்.

கேஜ்_பாக்ஸ் (சனி, மதியம் 12.10)

செந்தில், இறங்கியதற்கும் அவரிடம் 1.5 மார்க் பிடித்திருக்கிறார்கள், பாருங்கள். அவர் தானாக விலை குறைத்து பில் போட்டதற்குத் தண்டனை.

2022 வசந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பிக் அயர்ன், ஸ்டீல் எல்லாம் ஏறியது. ஃபவுண்டரிகள் ஏற்றிக் கேட்டன, கேட்காவிட்டால் மூடியிருப்பார்கள். மே 22 முதல் மத்திய அரசு பிக் அயர்னுக்கும் பல ஸ்டீல் வகைகளுக்கும் 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. விலை இறங்கியது. ஏப்ரலில் ஒரே வாரத்தில் மெயில் போட்டு ஏற்றியவர்களில் சிலர் ஆகஸ்ட் வரை வாய் திறக்கவில்லை. நாமாகக் கேட்ட பிறகுதான் குறைத்தார்கள். சிலர் ஜூன் பில்லிலேயே குறைத்தார்கள். நான் பார்க்கும் விலை நிலைத்தன்மை அந்த வித்தியாசம்தான். ஒத்துக்கொண்ட சூத்திரப்படி ஏறவும் இறங்கவும் செய்தால் மார்க் குறையாது. சூத்திரத்துக்கு வெளியே கேட்டாலோ, ஏற்றம் வரும்வரை சரக்கை நிறுத்தி வைத்தாலோ குறையும்.

ரவி, உங்கள் தக்காளிக்காரர் விலையைப் பிடித்து வைத்துத் தரத்தில் விட்டுவிட்டார். அழுகல் குவாலிட்டி மார்க்கில் விழ வேண்டும். அது எடை போட்டு பதிவாகியிருந்தால்தான் விழும். பதிவாகாத இடத்தில் நிலையான விலை நல்லதாகவே தெரியும். காய்கறிக்கு வருட விலையை விட, மண்டி விலைக்கு மேல் இத்தனை ரூபாய் என்று பேசிக்கொள்வது உங்களுக்கும் அவருக்கும் தாங்கும்.

மெஸ்_ரவி (சனி, மதியம் 1.30)

ஐயா, ரொம்ப நன்றி. அழுகலை நாங்க எடை போட்டதே இல்லை, நேரா குப்பைக்குத்தான் போகும். திங்கக்கிழமையில இருந்து பின்வாசல்ல தராசு வைக்கறேன்.

பீன்யா_மலர் (சனி, இரவு 8.00)

அப்படியானால் விலைக்கு 15. மொத்தம் 87. மிச்சம் இருப்பது குவாலிட்டி 23. அதில்தான் எனக்குக் குழப்பம். வருஷத்தில் 9,600 பீஸ் வந்தது, 211 ரிஜெக்ட். 2.2 சதவீதம். எங்கள் முறைப்படி 1 சதவீதத்துக்கு 3 மார்க் கழியும். போல்ட் டீலருக்கு 29. ஆனால் இரண்டும் ஒரே பொருளா?

கேஜ்_பாக்ஸ் (ஞாயிறு, காலை 7.20)

இல்லை. மணல் வார்ப்பில் 2 சதவீதம் சாதாரணம். மெஷினில் உருட்டி எடுக்கும் போல்டில் 2 சதவீதம் என்றால் அந்த டீலரிடம் இனி வாங்கக் கூடாது. வெயிட்டேஜ் எல்லாருக்கும் 30 ஆகவே இருக்கட்டும், அதை மாற்ற வேண்டாம். முழு மார்க் எங்கே, பூஜ்யம் எங்கே என்ற கோட்டை வகைக்கு வகை போடுங்கள். கேஸ்டிங்குக்கு 1 சதவீதத்தில் முழு மார்க், 5-ல் பூஜ்யம் என்றால், போல்டுக்கு 0.05-ல் முழு மார்க், 0.5-ல் பூஜ்யம். இந்த எண்களை என்னிடமிருந்து எடுக்காதீர்கள், உங்கள் 3 வருடக் கணக்கிலிருந்து எடுங்கள்.

அந்த 211 எங்கே பிடிபட்டது என்று பிரித்திருக்கிறீர்களா?

பீன்யா_மலர் (ஞாயிறு, இரவு 9.00)

இன்கமிங்கில் 64. மீதி 147 மெஷினிங்கில் கட்டிங் போட்ட பிறகு ஓட்டை வாய் திறந்தவை. மெஷினிங்காரர் 'கேஸ்டிங் குறை' என்று சாக்பீஸில் எழுதித் திருப்பிவிடுவார். நாங்கள் அப்படியே ஃபவுண்டரிக்கு டெபிட் நோட் போடுவோம்.

லேத்_முருகன் (ஞாயிறு, இரவு 9.25)

நான் மெஷினிங் பண்றவன், ஆனாலும் சொல்றேன். எல்லா 147-ம் கேஸ்டிங் குறையா இருக்காது. கிளாம்ப் சரியா உக்காராம போனதும், இன்சர்ட் உடைஞ்சு கீறினதும் அதே தொட்டிலதான் போகும். சாக்பீஸ் எங்க கையில இருக்கு.

கேஜ்_பாக்ஸ் (திங்கள், காலை 6.10)

முருகன் இதைச் சொன்னதற்கு நன்றி. மலர், ஸ்கிராப் தொட்டியில் மீதம் இருப்பதை ஃபவுண்டரி ஆளையும் மெஷினிங் ஆளையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். டார்ச்சும் ஒரு லென்ஸும் போதும். ஓட்டையின் உள்சுவர் வழவழப்பாக, உருண்டையாக, சில நேரம் பளபளப்பாக இருந்தால் வாயு. மணலில் ஈரம், கோரில் பைண்டர், வென்ட் போதாமை, எல்லாம் ஃபவுண்டரி பக்கம். உள்சுவர் சொரசொரப்பாக, பஞ்சு மாதிரி, கனமான இடமும் மெல்லிய சுவரும் சேரும் இடத்தில் இருந்தால் சுருக்கம். உருகிய இரும்பு ஆறும்போது கனமான பகுதி கடைசியில் உறையும், அதற்கு ஃபீடரிலிருந்து உலோகம் போய்ச் சேரவில்லை. அது ஃபவுண்டரியின் ஃபீடர் குறையாகவும் இருக்கலாம், உங்கள் டிராயிங்கின் குறையாகவும் இருக்கலாம்.

பீன்யா_மலர் (அடுத்த வாரம் புதன், இரவு 9.50)

பார்த்தோம். தொட்டியில் 38 பீஸ் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். வழவழப்பான ஓட்டை 23. சொரசொரப்பு 11. டூல், கிளாம்ப் தவறு 4, அதை மெஷினிங்காரரே ஒத்துக்கொண்டார். 38-ஐ வைத்து 147-ஐச் சொல்ல முடியாது என்று தெரியும், ஆனால் இனிமேல் மாதம் ஒருமுறை இப்படி மூவரும் பார்ப்பது என்று முடிவானது.

மீட்டிங்கும் நடந்தது. மேனேஜர் கேட் தேதியை ஒத்துக்கொண்டார். லீட் டைமுக்குக் குறைந்த லைன்கள் தனிப் பட்டியல், விலைச் சூத்திரம் இரண்டும் சரி என்றார். ஃபவுண்டரி இப்போது 87, பி. குவாலிட்டியில் வகைக்கு ஒரு கோடு என்பதற்கு மட்டும் மறுத்துவிட்டார். ஐஎஸ்ஓ ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது என்கிறார்.

இப்போது என் கேள்வி அந்த 11 பற்றி. எல்லாமே, போர்ட்டைச் சுற்றித் தடிமனாக விட்ட பாஸ் சுவரோடு சேரும் அதே இடத்தில். 2 வருஷம் முன்பு எங்கள் டிசைன் அந்த பாஸை 18 மில்லியிலிருந்து 26 மில்லியாகக் கனமாக்கியது. ஃபீடரை மாற்ற பேட்டர்னில் வேலை இருக்கிறது, செலவாகும் என்று அப்போதே சொன்னதாக ஃபவுண்டரி ஆள் சொல்கிறார். இந்த 11 யார் கணக்கு?

ஓசூர்_செந்தில் (புதன், இரவு 10.10)

டிராயிங்கை வாங்கிட்டு சாம்பிள் கொடுத்து அப்ரூவல் வாங்கிட்டாங்க. அப்புறம் அது ஃபவுண்டரி கணக்குதான். இதுல நான் மாற மாட்டேன்.

லேத்_முருகன் (புதன், இரவு 10.20)

செலவாகும்னு சொன்னப்போ கம்பெனி பணம் கொடுக்கலையே. அப்புறம் எப்படி அவங்க கணக்கு?

கேஜ்_பாக்ஸ் (வியாழன், காலை 6.05)

மேனேஜரிடம் சொல்லுங்கள்: ஐஎஸ்ஓ 9001-ல் 8.4 கேட்பது, அளவுகோலை நீங்களே வரையறுத்து, அதைப் பின்பற்றி, பதிவு வைத்திருக்க வேண்டும் என்பது. எல்லா வகைக்கும் ஒரே எண் என்று அதில் இல்லை. காரணத்தை எழுதி வைத்தால் ஆடிட்டர் கேட்க மாட்டார்.

11 பற்றி: ஃபவுண்டரி அன்றைக்கு எழுத்தில் சொன்னார்களா?

பீன்யா_மலர் (வியாழன், இரவு 9.15)

எனக்கு முன்னால் இருந்தவரிடம் போனில் சொன்னதாகச் சொல்கிறார்கள். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மெயிலில் தேடினேன், கிடைக்கவில்லை. பேட்டர்ன் மாற்றத்துக்கு ஒரு கொட்டேஷன் மட்டும் ஃபைலில் இருக்கிறது. தேதி இருக்கிறது, காரணம் எழுதவில்லை.

கேஜ்_பாக்ஸ் (வெள்ளி, காலை 6.20)

கொட்டேஷன் தேதி டிராயிங் மாறிய தேதிக்குப் பின் சில வாரத்துக்குள் இருந்தால் எனக்கு அதுவே போதும். ஆனால் செந்தில் ஒத்துக்கொள்ள மாட்டார், உங்கள் மேனேஜரும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். நல்லது என்று தேறிய பீஸில் 5 எடுத்து, அந்த பாஸின் நடுவில் ஹேக்ஸா போட்டு இரண்டாக வெட்டுங்கள். தேறியவற்றிலும் உள்ளே பஞ்சு இருந்தால் இது 11 பீஸ் விஷயமே இல்லை, உங்கள் பம்ப் பிரஷர் டெஸ்டிலும் லீக் காட்டும். அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள்.

பீன்யா_மலர் (வெள்ளி, காலை 8.10)

சரி சார். ஸ்டோரிலிருந்து 5 பீஸ் எடுக்க ஸ்லிப் போட்டிருக்கிறேன். நாளை டூல் ரூமில் வெட்டித் தருகிறார்கள். ஹீட் நம்பரோடு போட்டோ போடுகிறேன்.